நடுவை நோக்கி வெட்டினால் போதுமா?

சதுரங்கத்தில் ஒரே காயை இரண்டு சிப்பாய்களால் திருப்பி வெட்ட முடியும் என்றால், பலருக்கும் கை தானாகவே "நடுவை நோக்கி வெட்டு" என்ற விதிக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் அது சரிதான், ஆனால் வெட்டிய பிறகு மிஞ்சும் சிப்பாய் அமைப்பைப் பார்க்காமல் அதை நம்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு.

ரூய் லோபஸ் தொடக்கத்தில் 1.e4 e5 2.Nf3 Nc6 3.Bb5 a6 4.Bxc6 வரை வந்துவிட்டீர்கள், நீங்கள் கறுப்பு. விதிப்படி 4...bxc6 தான் நடுவை நோக்கிய வெட்டு. இப்போது வெள்ளை 5.d4 ஆடி, e5 சிப்பாய் d4-ஐ வெட்ட, வெள்ளை ராணி அங்கே வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொண்டு, உங்கள் சிப்பாய்களை மட்டும் பாருங்கள். a6 தனியாக, c7-c6-d7 ஒரு கூட்டமாக, f, g, h இன்னொரு கூட்டமாக, மொத்தம் மூன்று தீவுகள். a6-ஐக் காக்க இனி ஒரு சிப்பாயும் இல்லை. d4-இல் நிற்கும் ராணியை விரட்ட c6 குதிரையும் இல்லை, c8 பிஷப் வேறு d7 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது.

4...dxc6 ஆடினால் இரண்டே தீவுகள், ராணிக்கும் பிஷப்புக்கும் உடனே வழி. "அப்போ e5 போய்விடுமே" என்று இங்கே பயப்படுவதும் ஒரு தவறு: 5.Nxe5 என்றால் 5...Qd4, குதிரையும் e4 சிப்பாயும் ஒரே நேரத்தில் தாக்கப்படுவதால் சிப்பாய் திரும்பி வந்துவிடும். bxc6 ஆடியிருந்தால் d7 சிப்பாய் மறிப்பதால் ராணிக்கு இந்த வழி இருக்காது.

ஆனால் dxc6-க்கும் விலை உண்டு, அதை மறப்பது அடுத்த தவறு. 5.d4 exd4 6.Qxd4 Qxd4 7.Nxd4 ஆனதும் ஆளுக்கு ஏழு சிப்பாய்கள்தான். இருந்தாலும் ராஜா பக்கம் வெள்ளைக்கு நாலுக்கு மூணு, அதிலிருந்து தடையில்லாமல் ஓடும் ஒரு சிப்பாயை உருவாக்கலாம். உங்கள் நாலுக்கு மூணு ராணி பக்கம் இருக்கிறது, ஆனால் c-வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், வெள்ளை சரியாகத் தடுத்தால் அப்படி ஒன்று கிடைக்காது. அதனால் எல்லாக் காய்களும் மாறிப்போய் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெள்ளைக்கே வெற்றி. இதற்கு ஈடாக உங்களிடம் இருப்பது பிஷப் ஜோடி, அதை அவசரப்பட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லாஸ்கர் காபாபிளாங்காவை வீழ்த்தியது இதே ஆட்டவகையில்தான். ராணிகள் சீக்கிரமே போய்விட்டன, 14-வது நகர்வில் ஒரு கறுப்பு பிஷப்பும் மாறியது, 16-வதில் லாஸ்கரின் குதிரை e6-இல் போய் உட்கார்ந்தது. அங்கே அதை விரட்ட கறுப்புக்கு ஒரு சிப்பாயும் இல்லை.