பிரிட்டன் போகும் நர்ஸ்களுக்கு: ஐ.இ.எல்.டி.எஸ்.ஸா, ஓ.இ.டி.யா?

ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்பே என்.எம்.சி. எந்த ஆங்கிலத் தேர்வை ஏற்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்களை நர்ஸாகப் பதிவு செய்யப்போவது அந்த அமைப்புதான். அது ஏற்பவை இரண்டு: ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக், ஓ.இ.டி. நர்சிங். சுலபம் என்று யாரோ சொன்னதை நம்பி பி.டி.இ. எழுதினால் பணம் வீண். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ‘ஜெனரல் டிரெய்னிங்’கைத் தெரியாமல் அழுத்திவிட்டாலும் அதே கதிதான், அது கனடா பி.ஆர். போடுகிறவர்கள் எழுதுவது.

ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் ரூ.18,000-ஐ ஒட்டி வரும். ஓ.இ.டி. 30,000-ஐத் தாண்டும். அதனால் பலரும் முதலில் ஐ.இ.எல்.டி.எஸ். பக்கம் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் காலை வாருவது ரைட்டிங். ஒரு மணி நேரத்தில் வரைபடத்தை விளக்கி 150 சொல், பொதுவான தலைப்பில் 250 சொல் கட்டுரை. வார்டு வேலையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை.

ஓ.இ.டி.யில் நோயாளியின் கேஸ் குறிப்புகளைக் கொடுத்து, ஒரு கடிதம் கேட்பார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். 180 முதல் 200 சொல். இங்கே மார்க் போவது, குறிப்பில் உள்ளதையெல்லாம் அப்படியே அள்ளிப் போடுவதால். வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகிற நர்ஸுக்கு எழுதுகிறீர்கள் என்றால், புண்ணின் நிலை, கட்டு மாற்றும் இடைவெளி, சர்க்கரை அளவு அவருக்கு வேண்டும். 20 வருடத்துக்கு முன் நடந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிப் பழகிய கைக்கு இது பிடிபடும். எங்கள் கருத்தில், வார்டில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள் ஓ.இ.டி.க்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே.

ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் வேண்டியது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ஓ.இ.டி.யில் மூன்றுக்கும் ‘பி’, ரைட்டிங்குக்கு ‘சி பிளஸ்’. ஒரே தடவையில் கிடைக்காவிட்டால், அதே தேர்வை 12 மாதத்துக்குள் இரண்டு தடவை எழுதி, இரண்டு மார்க்கையும் சேர்த்துக் காட்டலாம். ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எந்தப் பகுதியும், எந்தத் தடவையும், கேட்ட மார்க்குக்கு அரை மார்க்குக்கு மேல் குறையக் கூடாது. முதல் தடவை ரைட்டிங்கில் 6, மற்றதெல்லாம் 7. அடுத்த தடவை ரைட்டிங்கில் 6.5, ரீடிங்கில் 6.5 என்றால் சேர்ந்துவிடும். முதலில் வாங்கியது 5.5 ஆக இருந்தால் சேராது.

எதை எழுதினாலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே, இனிஷியல் விரிவு உட்பட, பதிவில் போடுங்கள். ஸ்பீக்கிங் வேறொரு நாளில் விழலாம். புக் செய்யும்போதே இரண்டு தேதியையும் பாருங்கள். கோவையில் தேர்வென்றால் முந்தைய நாளே மலையிறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் ஒரு மரம் சாய்ந்தாலே பஸ் மணிக்கணக்கில் நின்றுவிடும். தாமதமாக வருகிறவர்களைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள்.