மூக்கை நம்பி க்ரீம் வாங்காதீர்கள்

என் அக்கா மகனுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பில் தோல் சிவந்து, சொறிந்து சொறிந்து தடித்துப்போயிருந்தது. வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். அக்கா உடனே சோப்பை மாற்றினார். பிறகு வேறொரு சோப்பு, அதன் பிறகு இன்னொன்று. மூன்று மாதத்தில் நான்கு சோப்பு மாறியும் சிவப்பு அடங்கவில்லை.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். சோப்பு தோலில் இருப்பது ஒரு நிமிடம், பிறகு தண்ணீரோடு போய்விடுகிறது. மேலே பூசும் க்ரீமோ இரவு முழுக்கத் தோலிலேயே ஊறுகிறது. ஐரோப்பிய விதிகளைப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும். ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றை, கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். பூசி விட்டுவிடும் பொருளுக்கு அந்த எல்லை 0.001 சதவீதம், அதாவது பத்தில் ஒரு பங்கு. எனவே மாற்றத்தைத் தொடங்க வேண்டிய இடம் க்ரீம், லோஷன், பவுடர்.

இத்தனைக்கும் வாசனைக்குச் சுத்தம் செய்யும் வேலையோ ஈரம் காக்கும் வேலையோ கிடையாது. சோப்பின் கொழுப்பு, க்ரீமின் மெழுகு, சலவைத்தூளின் நுரைப்பொருள் எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு மந்தமான வாடை உண்டு. அதை மறைக்கத்தான் முதலில் மணம் சேர்க்கிறார்கள். அடுத்தது வியாபாரம். கடையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துதானே வாங்குகிறோம்? துவைத்த துணியையும் மூக்கில் வைத்துத்தான் சுத்தமா என்று தீர்மானிக்கிறோம்.

அந்த மூக்கை நம்பித்தான் அக்கா இரண்டாவது தவறைச் செய்தார். ‘அன்சென்டட்’ என்று எழுதிய லோஷன் ஒன்று வாங்கினார். மணமே இல்லை, ஆனால் பின்பக்கப் பட்டியலின் கடைசிக்குப் பக்கத்தில் ‘பர்ஃப்யூம்’ என்று இருந்தது. மூலப்பொருளின் வாடையை அமுக்குவதற்கென்றே ஒரு வாசனைக் கலவை சேர்த்தால், மூக்குக்கு எதுவும் தெரியாது, தோலுக்குத் தெரியும். தேட வேண்டிய சொல் ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’. அதையும் முன்பக்கத்தில் படித்து நின்றுவிடாமல், பட்டியலில் ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம், பார்ஃபம், அரோமா ஆகிய சொற்கள் இல்லையென்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

உண்மையிலேயே வாசனை சேர்க்காத க்ரீம் கடைசியில் கிடைத்தபோது அதில் மெழுகுவர்த்தி வாடை அடித்தது. கெட்டுப்போய்விட்டது என்று அக்கா கடையில் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்!

‘மூலிகை’, ‘இயற்கை’ என்ற சொற்களுக்கு மயங்குவதும் தவறுதான். லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல், எலுமிச்சைத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனின் இரண்டும் காற்றுப் படப் பட ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகின்றன. அப்படி மாறியவைதான் ஒவ்வாமையை அதிகம் தூண்டுகின்றன. திறந்து ஒரு வருடமாகக் கிடக்கும் எண்ணெய்ப் புட்டி புதியதைவிட மோசமாக இருப்பது இதனால்தான். ‘குழந்தைகளுக்கானது’ என்ற சொல்லும் வாசனை இல்லை என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

துணி விஷயத்தில் சலவைத்தூளைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது கடைசி அலசலில் ஊற்றும் துணி கண்டிஷனரை. அதன் மணம் துணியிலேயே தங்க வேண்டும் என்றுதான் அதைத் தயாரிக்கிறார்கள். சிலவற்றில் உரசும்போது உடைந்து மணம் விடும் நுண்ணிய உறைகளும் இருக்கின்றன. அதை அடியோடு நிறுத்திவிடலாம். தூளை அளவுக்கு மேல் கொட்டாமல், ஒரு முறை கூடுதலாக அலசினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி எதுவென்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். புதிய க்ரீமைப் புண் இல்லாத முன்கை உட்புறத்தில், ஒரு நாணய அளவு இடத்தில், நாளுக்கு இரு முறை ஒரு வாரமாவது தடவிப் பாருங்கள். ஒவ்வாமை சில நாள் கழித்தும் தலைகாட்டும் என்பதால் ஒரே ஒரு நாள் சோதனை போதாது. அரிப்போ சிவப்போ வந்தால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். தொல்லை தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ பற்றிக் கேட்கலாம். முதுகில் ஒட்டுகளை இரண்டு நாள் வைத்திருந்து, எடுத்த பின்னும் சில நாள் கழித்துப் பார்ப்பார்கள்.

ஓர் எல்லையும் உண்டு. வாசனை இல்லாவிட்டாலும் சோப்பு சோப்புதான். அதன் காரத்தன்மையே வறண்ட தோலை எரிக்கும்.

பையனுக்கு முழங்கை ஆறிய பிறகும் கழுத்தில் மட்டும் ஒரு திட்டு மிஞ்சியது. க்ரீம், துணி, சோப்பு எல்லாம் மாறியாயிற்று, இன்னும் என்ன என்று குழம்பினோம். ஒரு நாள் குளித்து வந்தவனை மடியில் இருத்தி, பாட்டி வழக்கம்போல் டப்பாவைத் திறந்தார். கழுத்து வெள்ளையாகும்வரை ரோஜா மணக்கும் பவுடர்.