ஏசி ஸ்டார் லேபிள்ல இருக்கற யூனிட்ட வச்சு மொத்த ஆயுசுக்கும் கரண்ட் செலவு போடறது எப்படி

கடலூர்ல ஏசி வாங்கப் போனீங்கன்னா லாரன்ஸ் ரோடு கடைக்காரர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "அஞ்சு ஸ்டார் எடுத்துக்குங்க சார், கரண்டு மிச்சம்." எவ்வளவு மிச்சம்னு கேட்டா பதில் வராது. மூணு ஸ்டாருக்கும் அதுக்கும் வெலையில வித்தியாசம் ஒன்பதாயிரம். அது திரும்பி வருமா வராதான்னு லேபிள பாத்தே கணக்கு போட்டுடலாம், பத்து நிமிஷ வேலைதான். போன வருஷம் எங்க வீட்டுக்கு வாங்கும்போது போட்ட கணக்க அப்படியே தரேன்.

முதல்ல லேபிள்ல எதப் பாக்கணும்

ஸ்டார எண்ணாதீங்க. மூணு விஷயம் பாருங்க: வருஷ யூனிட், ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருதுன்னு காட்டற ஐ.எஸ்.இ.இ.ஆர். நம்பர், லேபிள் எந்த காலத்துக்குன்னு போட்டிருக்கற தேதி. இந்தத் தேதிய யாருமே பாக்கறதில்ல. 2022 ஜூலைல ஏசிக்கான அளவுகோல இறுக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி ஸ்பிளிட் ஏசிக்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.5 இருந்தாலே அஞ்சு ஸ்டார், அப்ப அத 5.0 வேணும்னு ஆக்கினாங்க. அதனால பழைய ஸ்டாக்ல ஒட்டியிருக்கற அஞ்சு ஸ்டாரும் புது அஞ்சு ஸ்டாரும் ஒண்ணு இல்ல. யூனிட் நம்பர் மட்டும் ஏமாத்தாது, ஆனா ஒரே டன் அளவுல இருக்கற ரெண்ட வச்சுதான் ஒப்பிடணும்.

நான் பாத்த ரெண்டும் ஒன்றரை டன் இன்வெர்ட்டர். அஞ்சு ஸ்டார்ல 750 யூனிட், மூணு ஸ்டார்ல 980 யூனிட்.

ரெண்டாவது, 1600 மணி நேரத்த உங்க மணி நேரமா மாத்தறது

அந்த 750 யூனிட் வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடினா ஆகற கணக்கு, லேபிள்லயே பொடி எழுத்துல இருக்கும். நம்ம ஊர்ல மார்ச்ல போட்டா அக்டோபர் வரைக்கும் ராத்திரில ஓடுது. எங்க வீட்டுல 240 ராத்திரி, ராத்திரிக்கு 8 மணி நேரம், ஆக 1920 மணி. 1920-ஐ 1600-ஆல வகுத்தா 1.2. அப்ப அஞ்சு ஸ்டார் 900 யூனிட், மூணு ஸ்டார் 1176 யூனிட்.

இது துல்லியம் கிடையாது. லேபிள் கணக்குல வெளி சூடு 24 டிகிரில இருந்து 43 டிகிரி வரைக்கும் கலந்து வரும், நாம ராத்திரில மட்டும் ஓட்டறதால சுமை கொஞ்சம் கம்மி. அதே நேரம் டெஸ்ட்ல ரூம் உள்ள 27 டிகிரி, நாம 20-ல வச்சு போர்வை போத்திக்கறோம், அதுல சுமை கூடும். கடலோர ஈரக்காத்து வேற. ஏறறதும் எறங்கறதும் இருக்கறதால நேர் வகுத்தலே போதும்னு விட்டுட்டேன்.

மூணாவது, எந்த ரேட்டால பெருக்கறது (இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க)

பொதுவா என்ன பண்ணுவோம், ஈபி பில் தொகைய யூனிட்டால வகுத்து "யூனிட்டுக்கு அஞ்சு ரூபா"ன்னு எடுத்துப்போம். அது தப்பு. ஏசி ஓடற யூனிட், வீட்டுல ஏற்கனவே ஓடற யூனிட்டுக்கு மேல ஏறி உக்காருது, அதனால அது மேல் ஸ்லாப் ரேட்டுல போகுது. ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் கீழ் ஸ்லாப்ப ஏற்கனவே தின்னு முடிச்சிருக்கும்.

எங்க வீட்டுல ஏசி இல்லாம ரெண்டு மாசத்துக்கு 420 யூனிட். எட்டு மாசம்னா நாலு பில், 900 யூனிட்ட நாலால வகுத்தா பில்லுக்கு 225. ஆக 645. மூணு ஸ்டார்னா 294 கூடி 714. ரெண்டுக்கும் உள்ள 69 யூனிட் வித்தியாசம் முழுக்க 601-லேர்ந்து 800 வரை உள்ள ஸ்லாப்ல விழுது, அங்க யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல.

இன்னொரு கூத்து, 500 யூனிட்ட தாண்டினா 101-200க்கு கெடைக்கற கம்மி ரேட்டும் போயிடும், அந்த நூறு யூனிட்டும் அடுத்த ரேட்டுக்கு ஏறிடும். முதல் நூறு யூனிட் ஃப்ரீ மட்டும் அப்படியே இருக்கும். அதனால ரொம்ப யோசிக்காம ஏசி இல்லாத மாசத்து பில்லயும் ஏசி ஓடின மாசத்து பில்லயும் எடுத்து, தொகை வித்தியாசத்த யூனிட் வித்தியாசத்தால வகுங்க. அதுதான் உங்க நிஜ ரேட். எங்களுக்கு ஒன்பதுகிட்ட வந்துச்சு. ஏசியே இல்லாதவங்க ஸ்லாப் அட்டவணைய வச்சு ரெண்டு பில்லயும் பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். நெட்ல இருக்கற கால்குலேட்டர்ல எனக்கு நம்பிக்கை இல்ல, பாதிக்கு மேல ஒரே ரேட்ட வச்சு பெருக்கும். பேப்பரும் பழைய பில்லும் போதும்.

நாலாவது, ஆயுசு

```
லேபிள் யூனிட் × (உங்க மணி ÷ 1600) × நிஜ ரேட் × வருஷம்
```

பத்து வருஷம்னு போடுவாங்க, நான் எட்டுதான் போட்டேன். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருந்தா உப்புக்காத்து அவுட்டோர் யூனிட்ட அரிச்சுடும், கண்டென்சர் பொடிஞ்சு கொட்டறத மெக்கானிக் யாரக் கேட்டாலும் சொல்வாங்க.

அஞ்சு ஸ்டார்: 900 × 9 = வருஷம் 8,100, எட்டு வருஷத்துக்கு 64,800. மூணு ஸ்டார்: 1176 × 9 = 10,584, எட்டு வருஷத்துக்கு 84,672. வித்தியாசம் 19,872 ரூபா. வெலையில கூடுதலா குடுத்த 9,000, வருஷத்துக்கு 2,484 மிச்சம்னு நாலு வருஷத்துக்குள்ள திரும்பிடுது. அஞ்சு ஸ்டார் வாங்கினோம். ரேட்ட அஞ்சு ரூபான்னு போட்டிருந்தா ஆறரை வருஷம் ஆகும்னு காட்டியிருக்கும், மூணு ஸ்டாரே போதும்னு வந்திருப்போம்.

ஆனா எங்க சித்தி வீட்டுக்கு மூணு ஸ்டார்தான் வாங்கச் சொன்னேன். ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் ஓடற வீடு, ஏப்ரல், மே, ஜூன் மட்டும் தினம் 4 மணி நேரம் போடுவாங்க. 360 மணிதான், ரெண்டு மாடலுக்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 52 யூனிட்கூட வராது, பில்லும் 400-ஐத் தாண்டாது. அஞ்சு ரூபான்னே வச்சுக்கிட்டாலும் வருஷம் 260, எட்டு வருஷத்துக்கு ரெண்டாயிரத்து சொச்சம். அதுக்கு எதுக்கு ஒன்பதாயிரம்.

சரியா வருதான்னு பாக்கறது

900-ஐ 240-ஆல வகுத்தா ராத்திரிக்கு 3.75 யூனிட். படுக்கறப்ப ஈபி மீட்டர்ல kWh வர்ற நம்பர குறிச்சுக்குங்க, எட்டு மணி நேரம் கழிச்சு பாருங்க, ஏசி போடாத ஒரு ராத்திரியோட அளவ கழிச்சுடுங்க. நாலு யூனிட் சுத்தி வந்தா கணக்கு ஓகே. ஆறு, ஏழுன்னு வந்தா ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்ல கேஸ் கம்மி, இல்ல ரூமுக்கு டன் பத்தல.

பிற்சேர்க்கை: பாண்டிச்சேரி நண்பர் ஒருத்தர் "எங்களுக்கு 600 யூனிட்டெல்லாம் வர்றதே இல்லியே, அப்ப மூணு ஸ்டாரே போதுமா"ன்னு கேட்டாரு. அங்க பில் மாசாமாசம், ஸ்லாபும் ரேட்டும் வேற. நம்ம ரெண்டு மாச நம்பர அங்க போட்டா எல்லாம் கோணலா வரும். ரெண்டு பில் வித்தியாசத்த வகுக்கற முறை மட்டும் அங்கயும் அப்படியே செல்லும்.

ஃப்ரிட்ஜுக்கும் இதே மாதிரி 1600-ஆல வகுக்கணுமான்னு இன்னொருத்தர். வேணாம், ஃப்ரிட்ஜ் 365 நாளும் ஓடறது, லேபிள் யூனிட்டும் அந்தக் கணக்குதான். அத நேரா ரேட்டால பெருக்குங்க. லிட்டர் அளவ மட்டும் கவனிங்க, பெரிய ஃப்ரிட்ஜ் ஸ்டார் கூட வச்சிருந்தாலும் சின்னதவிட யூனிட் அதிகமா இழுக்கலாம்.