சுரங்கத்தில் கூட்டிய ஒலியைக் குறைக்க மறந்துவிடுகிறோம்

என் மகள் தெம்பனிசிலிருந்து கிளமெண்டிக்கு எம்ஆர்டியில் போய்வருகிறாள். காலாங் தாண்டி லவெண்டருக்கு முன் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும். இரைச்சலில் இயர்போன் பாட்டு கேட்காது, ஒலியைக் கூட்டுவாள். ரெட்ஹில்லில் ரயில் மறுபடி வெளியே வந்தபின் குறைக்க மாட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நெற்றிப்பொட்டில் வலி, காதில் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம்.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான். போகவர தினமும் 2 மணி நேரம் என்றால், செவ்வாய்க்கிழமையே அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும்!

நாங்கள் செய்தது இதுதான். வீட்டில் அமைதியான அறையில், தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்து, கைப்பேசி அமைப்பில் அதையே உச்சவரம்பாக்கினோம். சுரங்கத்தில் கேட்கவில்லையா? கூட்டக்கூடாது, வெளிச்சத்தத்தைத்தான் அடைக்க வேண்டும். காதுத்துளையை நன்றாக மூடும் சிலிக்கான் முனையை மாற்றினோம், அதுவே போதுமாக இருந்தது. இரைச்சல் நீக்கும் இயர்போன் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் சாலையில் நடக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

பெரிய ஹெட்போனின் பட்டை இறுக்கினாலும் தலை வலிக்கும், கழற்றினால் சீக்கிரம் குறைந்துவிடும். ரயிலைவிட்டு இறங்கியபின் பேச்சு மங்கலாகக் கேட்டாலோ, ரீங்காரம் மறுநாளும் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போய்விடுங்கள்.