முன்பக்கப் படத்தை வைத்து: இது ஸ்டெபிலைசரா, யூபிஎஸ்ஸா? ஃபிரிட்ஜுக்கு ஆகுமா?

பரணில் கிடந்த பெட்டியைப் படம் எடுத்து அனுப்பி, "இதை ஃபிரிட்ஜுக்குப் போடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பக்கம் பாதி பதிலைத்தான் சொல்லும். மீதி பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது. அதனால் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. படம் எடுப்பது

எதையும் இணைக்காமல், பெட்டியை மட்டும் பிளக்கில் போட்டு விளக்குகள் எரியும்போது எடுங்கள். டிஜிட்டல் டிஸ்ப்ளே என்றால் கண்ணுக்கு 188 என்று தெரிவது படத்தில் 1 மட்டுமாகவோ, அரைகுறை 8 ஆகவோ விழும். பெட்டியில் கோளாறு இல்லை. அந்த இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக எரிந்து அணைகின்றன. கேமரா அதில் ஒரு நொடித்துணுக்கை மட்டும் பிடிக்கிறது. அறை விளக்கைக் குறைத்துவிட்டு எடுங்கள், அல்லது புரோ மோடில் ஷட்டரை 1/25 நொடிக்கு வையுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், கண்ணால் பார்த்த எண்ணைத் தாளில் எழுதி டிஸ்ப்ளே பக்கத்தில் வைத்து எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

2. எது என்று கண்டுபிடிப்பது

INPUT, OUTPUT, DELAY, HIGH CUT, LOW CUT இவற்றில் ஏதாவது இருந்து, பேட்டரி பற்றி எதுவும் இல்லையென்றால் ஸ்டெபிலைசர். BATTERY, LOW BATT, CHARGING அல்லது பேட்டரி படம் இருந்தால் யூபிஎஸ் அல்லது வீட்டு இன்வெர்ட்டர். எழுத்து அழிந்திருந்தால் பெட்டியை ஆன் செய்து, சுவர் சுவிட்சை அணையுங்கள். விளக்கு எரிந்துகொண்டு "பீப்" என்று கத்தினால் உள்ளே பேட்டரி இருக்கிறது. பேட்டரி செத்த யூபிஎஸ் கத்தாமலே அடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. ஃபிரிட்ஜுக்கு ஆகுமா?

ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டிவி ஸ்டெபிலைசரும் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரும் முன்னாலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிளக்கில் போட்டதும் கவனியுங்கள். ஃபிரிட்ஜுக்கானது என்றால் DELAY விளக்கு எரியும், சுமார் 3 நிமிடம் அவுட்புட் வராது. கம்ப்ரஸர் நின்ற பிறகு உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் இரு பக்கமும் சமமாக அந்த நேரம் வேண்டும். கரண்ட் போய் உடனே வந்தால், அழுத்தத்துக்கு எதிராக மோட்டார் சுற்ற முடியாமல் "ம்ம்ம்" என்று முனகிச் சூடாகும். அப்புறம் கம்ப்ரஸரின் ஓவர்லோடு சுவிட்ச் "டக்" என்று துண்டிக்கும். அது அடிக்கடி நடந்தால் கம்ப்ரஸருக்கு ஆபத்து.

அடுத்து, பின்பக்க ஸ்டிக்கர். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 250 லிட்டர் ஃபிரிட்ஜின் லேபிளில் 230 V, 1.1 A என்று இருக்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 250 விஏ. "என்னிடம் 600 விஏ யூபிஎஸ் இருக்கிறதே, போதாதா?" என்று தோன்றும். போதாது. பழைய வகை கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு கணம் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அது 1,200 விஏவைத் தாண்டும். யூபிஎஸ் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். ஸ்டெபிலைசரின் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கண நேர இழுப்பைத் தாங்கும். "300 லிட்டர் வரை" என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தால் அதைத் தாராளமாக நம்பலாம்.

கடைசியாக WORKING RANGE. 135–290 V என்றிருந்தால் நல்லது. 170 V-இல் தொடங்கும் பெட்டி, கோடை இரவில் 150-க்கு இறங்கும் வீட்டில் LOW CUT காட்டி ஃபிரிட்ஜை அணைத்தே வைக்கும். உங்கள் வீட்டில் எவ்வளவு இறங்குகிறது என்று இரவு எட்டு மணி வாக்கில் பாருங்கள். மல்டிமீட்டர் கம்பியைச் சாக்கெட்டுக்குள் விடுவதைவிட, பிளக்கிலேயே செருகும் மீட்டர்தான் புதியவர்களுக்கு நல்லது.

4. கம்ப்யூட்டருக்கு?

இங்கே கதை நேர்மாறு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் ஓரளவு வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சமாளிக்கும். கரண்ட் போனால்தான் பிரச்சினை. அதற்கு ஸ்டெபிலைசரால் பயனில்லை, யூபிஎஸ்தான் வேண்டும். ஸ்டிக்கரில் 600VA/360W என்று இருந்தால் வாட் எண்ணைப் பாருங்கள். சாதாரண அலுவலக டெஸ்க்டாப், மானிட்டரோடு சேர்த்து 100 முதல் 150 வாட்தான் எடுக்கும், அதற்குப் போதும். பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் போதாது. லேசர் பிரின்டரை அதில் செருகவே செருகாதீர்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் சிலர் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்டார்கள். அது மெதுவாகக் கிளம்புவதால் தொடக்க இழுப்பு மிகக் குறைவு. பல மாடல்களில் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று எழுதி, தாங்கும் வோல்டேஜையும் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்குள் அடங்கினால் பெட்டியே வேண்டாம். அதையும் தாண்டி இறங்கினால், மேலே சொன்ன DELAY, ஸ்டிக்கரில் உள்ள லிட்டர் அளவு, WORKING RANGE மூன்றையும் பார்த்து ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.