மூன்று மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள்

டர்பனில் நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகால மாத்திரைகளை வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து ஒரே டப்பாவில் கொட்டிவிடுகிறார்கள். அதோடு பேரும் போச்சு, அளவும் போச்சு. அப்புறம் நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டியதுதான், ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இந்த மாதம் ஒரு நிறம், அடுத்த மாதம் வேறு. பையில் ஒட்டியிருக்கும் பேரை மட்டும் நம்புங்கள்.

ஃபெரஸ் சல்ஃபேட் என்று இருந்தால் அது இரும்புச்சத்து, ரத்தசோகை வராமல் இருக்க. இதைச் சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஃபோலிக் ஆசிட், குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் ஆரம்ப வாரங்களுக்கு முக்கியம், அதனால் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது. இங்கே அரசு கிளினிக்கில் வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரை தருவார்கள், கடையில் வாங்கும் வைட்டமினில் பெரும்பாலும் 400 மைக்ரோகிராம்தான் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நீங்களாக மாற்றாதீர்கள்.

கால்சியத்தில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். "நான் பால் குடிக்கிறேனே, இது எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். எலும்புக்கு மட்டும் என்று நினைப்பதால் வரும் தவறு இது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் நிலை வராமல் தடுக்கவும் அதைத் தருகிறார்கள், முக்கியமாகச் சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருப்பவர்களுக்கு.

இன்னொன்று, அட்டையில் கால்சியம் கார்பனேட் 420 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 168 மில்லிகிராம்தான். காலையில் மூன்று, இரவில் மூன்று எடுத்தால்தான் சுமார் 1000 மில்லிகிராம் வரும். "ஆறு மாத்திரையா!" என்று பயந்து இரண்டோடு நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. வேறு மாத்திரை என்றால் கணக்கும் வேறு, பையில் எழுதியதுதான் உங்களுக்கு.

பெரிய தவறு, கால்சியத்தையும் இரும்பையும் ஒரே வாயில் போட்டு விழுங்குவது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்: காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம், மதியம் ஒரு மணிக்கு இரும்பும் ஃபோலிக் ஆசிடும், இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு மறுபடி கால்சியம். மதிய மாத்திரையோடு பால் டீ குடிக்காதீர்கள், அதுவும் இரும்பைத் தடுக்கும், பதிலாகக் கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிடலாம். குமட்டினால் இரும்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். தைராய்டுக்கோ எச்.ஐ.வி.க்கோ மாத்திரை எடுப்பவர்கள் நேரத்தை நர்ஸிடம் கேட்டே வைக்க வேண்டும், இரும்பும் கால்சியமும் அந்த மருந்துகளையும் கெடுக்கலாம்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இரும்பு மாத்திரையை உயரத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும், ஒரு குழந்தை சில மாத்திரைகள் விழுங்கினாலே விஷமாகலாம். விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வருகிறதா என்று காத்திராமல், பையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.