வாய் கோணினால்: நெற்றி சொல்வதைத் தப்பாகப் படிக்காதீர்கள்

நாற்பது வயதுக்காரர் ஒருவர் காலையில் வாய் கொப்பளிக்கிறார். வலது பக்கமாகத் தண்ணீர் ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடது பக்கம் இழுத்திருக்கிறது, வலது கண் முழுசாக மூடவில்லை. முந்தின நாளே வலது காதுக்குப் பின்னால் வலி இருந்திருக்கிறது.

மருத்துவர் புருவத்தைத் தூக்கச் சொல்கிறார். வலது நெற்றியில் சுருக்கமே விழவில்லை. "நெற்றிவரை போயிடுச்சே" என்று வீட்டார் கலங்குகிறார்கள். இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் ஒரு பாதியில் பக்கவாதம் வந்தால் வாய் கோணும், நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முகநரம்பு அப்படியில்லை. முகத்தின் ஒரு பக்கம் முழுவதற்கும் அது ஒன்றுதான். காதை ஒட்டிய குறுகலான எலும்புக் குழாய்க்குள் அது வீங்கி நெரிபட்டால் நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்தே தளரும். இதுதான் பெல்ஸ் பால்சி, அதாவது முகவாதம்.

சரி, நெற்றி சுருங்கவில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாமா? கூடாது. மூளைத்தண்டில் முகநரம்பு புறப்படும் இடத்திலேயே பக்கவாதம் தாக்கினாலும் நெற்றி தளரும். அதனால்தான் மருத்துவர் நெற்றியோடு நிறுத்துவதில்லை. கைகளை நீட்டிப் பிடிக்கச் சொல்வார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கண் எல்லாப் பக்கமும் அசைகிறதா, இரட்டையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். காதுக்குள் கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலையாக இருக்கலாம். நம்மவருக்கு ப, ம எழுத்துகள் மட்டும் உதடு ஒட்டாமல் குழறின. வார்த்தைக்குத் தடுமாறவில்லை, கைகால் பலமும் நடையும் சரியாக இருந்தன.

பக்கவாதம் நொடிகளில், நிமிடங்களில் வரும். முகவாதம் சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் கூடிக்கொண்டே போகும். ஆனால் தூங்கி எழும்போது பார்த்தவருக்கு எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே வாய் கோணியதும் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். ஆரம்பத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தாலும் அதை மட்டும் வைத்துப் பக்கவாதம் இல்லை என்று சொல்ல முடியாது.

முகவாதம்தான் என்று உறுதியானபின், "தானாகச் சரியாகிவிடும்" என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. பலருக்குத் தானாகவே சரியாவது உண்மைதான். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுதாகக் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கண்தான். எல்லாரும் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். பகலில் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். ராத்திரி களிம்பு போட்டு, இமையை முழுசாக மூடியபின் டேப் ஒட்ட வேண்டும். பாதி திறந்த கண்மேல் ஒட்டினால் டேப்பே கருவிழியை உரசும். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று மாதமாகியும் கொஞ்சமும் அசையவில்லை என்றாலோ, தளர்ச்சி வாரக்கணக்கில் மெதுவாகக் கூடினாலோ, நரம்பை ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.